நள்ளிரவு எந்த நாளுக்கு உரியது?

"நாளை இரவு பன்னிரண்டு மணிக்கு" என்று ஒருவர் சொல்லிச் செல்கின்றார். அவர் குறித்த பொழுது எது? இன்றைய இரவு முதிர்ந்து நாளைய பக்கல் பிறக்கின்ற அந்தப் புள்ளியா? அன்றி, நாளைப் பகல் கழிந்து, மாலை கழிந்து, விளக்கேற்றி உண்டு உறங்கியபின் வருகின்ற நடு இரவா? இரண்டுக்கும் இடையே முழுதாக இருபத்துநான்கு மணி நேரம் கிடக்கின்றது. ஒரு சொற்றொடர் ஒரு முழு நாளை விழுங்கிவிட்டு ஒன்றும் அறியாததுபோல் நிற்கின்றதெனின், அதனை ஆராயாது விடுதல் தகாது.

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஐயங்கார்குளத்தில் நடவாவி என்றொரு கிணறு உள்ளது. படிகளில் நடந்து இறங்கத்தக்க வாவி ஆதலின் அதற்கு அப்பெயர். உள்ளே நிலத்துக்குக் கீழே கற்றூண்களுடன் ஒரு மண்டபம். மற்ற நாள்களில் நீருள் மூழ்கிக் கிடக்கும் அம் மண்டபம், ஆண்டுக்கு ஒருமுறை மேழத் (சித்திரை) திங்கள் வெள்ளுவா விழாவை ஒட்டி நீர் இறைக்கப்பெற்று வெளிப்படும். அவ்விழாவில் காஞ்சி அத்தியூர் வரதர் அவ்வூருக்கு எழுந்தருளி, இரவுப் பொழுதில் அக் கிணற்றுள் இறங்குவது வழக்கம். சுற்றுப்புறச் சிற்றூர்களினின்று வண்டி கட்டிக்கொண்டும், இந்நாளில் சிற்றுந்து அமர்த்திக்கொண்டும் மக்கள் வருகின்றனர். இரவில் நிகழும் விழா ஆகலின், எந்த இரவு, இரவில் எந்தப் பொழுது என்னும் வினா ஆண்டுதோறும் எழாமல் இராது.

2023ஆம் ஆண்டை (திருவள்ளுவராண்டு 2054) எடுத்துக்கொள்க. அவ்வாண்டு மேழ வெள்ளுவாப் பொழுது, மே 4 வியாழக்கிழமை இரவு பன்னிரண்டு அடிப்பதற்குச் சற்று முன்னர்த் தொடங்கியது. எந்த ஐந்திறத்தைப் (பஞ்சாங்கத்தைப்) புரட்டினாலும் ஒரு கால்மணி முன்பின்னாக இதுவே கணக்கு. மதி முற்றும் நிறைந்த புள்ளி மே 5 வெள்ளிக்கிழமை இரவு 11 மணி 4 நிமையம். நாட்காட்டிகள் வெள்ளுவா என்று அச்சிட்டது வெள்ளிக்கிழமையையே. இனி, அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிற்றூரின் தேநீர்க் கடைச் சுவரில் "நாளை இரவு 12 மணிக்கு" என்று ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்ததாக வைத்துக்கொள்க. அதன்முன் நின்று ஓர் இளைஞனும் அவன் பெரியப்பாவும் பேசும் பேச்சு இவ்வாறுதான் இருந்திருக்கும்.

"பெரியப்பா, நாளை என்றால் வெள்ளி. கைப்பேசியில் பன்னிரண்டு ஆனவுடன் வெள்ளி வந்துவிடுகிறதே. அப்படியானால் இன்றிரவு உண்டதும் புறப்பட வேண்டும். வெள்ளுவாவும் இன்றிரவே தொடங்கிவிடுகிறது."

"இன்றிரவு வியாழன் இரவு, தம்பி. விடியாமல் வெள்ளி எப்படி வரும்? வெள்ளிக்கிழமை பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு அதன்பின் வரும் இரவுதான் நாளை இரவு."

"அந்த நேரத்தில் நாட்காட்டியில் காரிக்கிழமை (சனி) வந்திருக்குமே பெரியப்பா! வெள்ளுவாவும் பதினொன்றுக்கே முடிந்திருக்குமே!"

"நாட்காட்டியில் வரட்டும். ஊரில் வரவில்லை."

இருவருள் எவர் சொல்வது சரி? இளைஞன் கணக்கில் பிழை இல்லை. மணிப்பொறி நள்ளிரவிற்றான் பக்கலை மாற்றுகின்றது. பெரியப்பா சொல்லிலும் பிழை இல்லை. அவர் தமிழ் பேசுகின்றார். சிக்கல் எங்கே உள்ளதெனின், சுவரொட்டி எழுதியவன் பெரியப்பாவின் சொல்லையும் இளைஞனின் எண்ணையும் எடுத்து ஒரே தொடரில் முடிந்துவிட்டான். "நாளை இரவு" என்பது தமிழரின் நாட்கணக்கு. "12 மணி" என்பது மணிப்பொறியின் கணக்கு. மற்ற எந்த மணியிலும் இவ்விரண்டும் முட்டிக்கொள்வதில்லை. நாளை இரவு பத்து மணி என்றால் எவரும் மயங்கார். பன்னிரண்டு என்னும் அந்த ஒற்றைப் புள்ளியில்தான், அதன்பின் விடியும் மட்டும் உள்ள சில மணிகளில்தான், இரு கணக்கும் கைகலக்கின்றன.

தமிழரின் நாட்கணக்கு யாது என்பதைச் சொற்களே சொல்லும். நாள் என்னும் சொல்லுக்கு முழுநாள் என்ற பொருள் மட்டுமன்று, காலைப்பொழுது என்ற பொருளும் பழைய வழக்கில் உண்டு. பகற்கடைத் தெருவுக்கு நாளங்காடி என்றும் இரவுக்கடைத் தெருவுக்கு அல்லங்காடி என்றும் பெயர் வழங்கியதை மதுரையைப் பாடிய பழம்பனுவல் படித்தோர் அறிவர். அன்றலர்ந்த மலர் நாண்மலர். விடியலோடு வருவதே நாள் என்பது இவற்றாற் பெறப்படும். நாள் விடியலில் பிறப்பதாயின், விடியுமுன் உள்ள இருள் முழுவதும் முன்னைய நாளின் வாலே அன்றிப் பின்னைய நாளின் தலை ஆகாது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். தொல்காப்பியத்தின் பொழுதுப் பகுப்பை உரையாசிரியர் வழி நின்று காணின், சிறுபொழுதுகள் ஆறு: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமையம். ஒவ்வொரு சிறுபொழுதுக்கும் பத்து நாழிகை, அஃதாவது நான்கு மணி நேரம். கதிரெழுச்சியை ஆறு மணி என்று கொண்டால், யாமம் இரவு பத்துக்குத் தொடங்கி இரண்டுக்கு முடியும். நள்ளிரவு அதன் நட்டநடுவே விழுகின்றது. எல்லையில் விழவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒருவன் குறிஞ்சித்திணைத் தலைவன்போல் யாமத்தில் வந்தான் என்றால், பத்தரை மணிக்கு வந்தவனும் ஒன்றரை மணிக்கு வந்தவனும் ஒரே யாமத்தில், ஒரே இரவில், ஒரே நாளில் வந்தவர்களே. பக்கலை அந்த யாமத்தின் குறுக்கே வெட்டிப் பிளக்கவேண்டிய தேவை அம்முறையில் எழவில்லை.

காவற்கணக்கில் இரவை நான்கு சாமமாகப் பகுக்கும் வேறொரு முறையும் ஊர்வழக்கில் உண்டு. அதில் நள்ளிரவு இரண்டாம் சாமத்துக்கும் மூன்றாம் சாமத்துக்கும் எல்லையாய் நிற்கும். இதைக் காட்டி, நள்ளிரவு எல்லையே என்பார் உளராயின், அஃது இரவுக்குள் உள்ள எல்லை, ஒரு வீட்டின் இரு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் போன்றது. வீட்டின் மதில் அன்று.

நள்ளிரவு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. நள் என்னும் வேர் நடுவைக் குறிக்கும். நள்+பகல் நண்பகல், நள்+இரவு நள்ளிரவு. ஒன்று பகலின் நடு, மற்றொன்று இரவின் நடு. நடு என்பது இருபுறமும் ஒரே பொருள் இருந்தால்தான் நடு ஆகும். பத்து முழத் துணியின் ஐந்தாம் முழம் நடு. ஒரு துணியின் முடிவும் மற்றொரு துணியின் தொடக்கமும் கூடும் இடம் நடு ஆகாது, மூட்டு ஆகும். நள்ளிரவு என்று பெயரிட்டவன் அதன் இருபுறமும் ஒரே இரவைக் கண்டான்.

இதனை விட்டு, இந்நாளில் அச்சிட்ட அழைப்புகளிலும் அறிவிப்புகளிலும் "மு.ப. 12" என்றும் "பி.ப. 12" என்றும் காணப்படுகின்றன. முற்பகல் என்றால் நண்பகலுக்கு முன்னுள்ள பகற்பகுதி. நடு இரவுக்கு முற்பகல் என்று பெயர் வைப்பது பிறமொழிக் குறியீட்டின் நிழலைப் பிடித்துத் தமிழ் என்று ஒட்டியதே அன்றி வேறன்று. நண்பகல் பன்னிரண்டோ நண்பகலுக்கு முன்னும் அன்று, பின்னும் அன்று. நள்ளிரவோ முந்தைய நண்பகலுக்குப் பின் பன்னிரண்டு மணி, அடுத்த நண்பகலுக்கு முன் பன்னிரண்டு மணி, இரண்டுக்கும் சமத் தொலைவு. எந்த எழுத்தை இட்டாலும் பாதி பொய்யாகும். நண்பகல், நள்ளிரவு என்னும் இரு சொற்கள் வீட்டிலேயே இருக்க, இந்த எழுத்துகளைக் கடன் வாங்கியது ஏன் என்பது விளங்கவில்லை.

நள்ளிரவில் பக்கல் மாறவேண்டும் என்பது உலகம் முழுதும் தொன்றுதொட்டு ஒப்புக்கொண்ட முறை என்று எண்ணற்க. இசுலாமிய மரபில் நாள் கதிரவன் மறைவில் தொடங்கும். அதனாலேயே இசுலாமியத் தமிழர் "வெள்ளி இரவு" என்று சொல்லும்போது பலவிடத்தும் வியாழன் மாலைக்குப் பின்வரும் இரவைக் குறிக்கின்றனர். ஒரே ஊரில், ஒரே மொழியில், அடுத்தடுத்த தெருக்களில் வெள்ளி இரவு என்னும் சொல் இரு வேறு இரவுகளைக் குறிக்கின்றது. இரு தெருவினரும் தத்தம் கணக்கில் தெளிவாகவே உள்ளனர்.

வானூலாரின் செய்தி இன்னும் வியப்பானது. மேலைநாட்டு வானூலார் நெடுங்காலம் தம் நாளை நண்பகலில் தொடங்கினர். காரணம் எளிது. அவர்கள் தொழில் இரவில் நிகழ்வது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு விண்மீனைக் குறித்துவிட்டு, பன்னிரண்டரைக்கு மீண்டும் அதனைக் குறிக்கும்போது ஏட்டில் வேறு பக்கல் இட வேண்டுமாயின் பிழை நேரும். ஓர் இரவின் நோட்டம் முழுவதும் ஒரே பக்கலின்கீழ் அமையவேண்டும் என்பதற்காக நண்பகலில் நாளை மாற்றினர். 1884ஆம் ஆண்டு வாசிங்டனில் பல நாட்டினரும் கூடி, கிரீனிச்சு நள்ளிரவிலிருந்து உலகப் பொதுநாளை எண்ணுவதென முடிவு செய்தபோது, வானூலாரும் நள்ளிரவுக்கு மாறவேண்டும் என்ற விருப்பத்தையும் வெளியிட்டனர். அவ்விருப்பம் நிறைவேற நாற்பதாண்டு ஆயிற்று. 1925 சனவரி முதல் நாளில்தான் வானூற் குறிப்பேடுகள் நள்ளிரவுக்கு மாறின. இன்றும் தொடர்நாள் எண் வழி காலத்தைக் கணிக்கும் வானூலாரின் எண்ணிக்கை நண்பகலிற்றான் மாறுகின்றது. இரவை நடுவே வெட்டுவது இடர் தருவது என்பதை இரவில் வேலை செய்தவர் அனைவரும் அறிந்திருந்தனர். பெரியப்பாவும் அறிந்தவரே.

அங்ஙனமாயின் நள்ளிரவில் பக்கல் மாறும் முறை வேண்டா என்பதா? அன்று. கதிரெழுச்சியை நாளின் தொடக்கமாகக் கொண்டால், அது பருவந்தோறும் நகரும். காஞ்சிப் பகுதியில் ஆண்டுக்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பின்னாகின்றது. ஊருக்கு ஊரும் வேறுபடும். தொடர்வண்டிக்கும் தொலைச்செய்திக்கும் அசையாத ஒரு கோடு வேண்டியிருந்தது. பெரும்பாலோர் உறங்கும் நேரத்தில் அக்கோட்டைப் போட்டனர். வணிகரும் வழக்குமன்றமும் பகல் முழுவதையும் ஒரே பக்கலில் எழுத அது வாய்ப்பாயிற்று. அதில் குறை காணவேண்டியதில்லை. அக்கோடு இயற்கை இட்டதன்று, வசதிக்காக இட்டது என்பதை மறந்ததே குறை. ஐயங்கார்குளத்தில் மெய்யான நடு இரவு மணிப்பொறியின் பன்னிரண்டில் வருவதும் இல்லை. இந்திய நாட்டு நேரம் அதற்குக் கிழக்கே உள்ள எண்பத்திரண்டரைக் கோட்டுக்கு உரியது. காஞ்சிப் பகுதி அதற்கு மேற்கே உள்ளமையால், அங்கு மெய்யான நடு இரவு ஏறத்தாழப் பதினொரு நிமையம் பிந்தியே வரும். பன்னிரண்டு அடிக்கும்போது ஐயங்கார்குளத்து இரவு இன்னும் தன் நடுவை எட்டவில்லை.

வசதிக்காக இட்ட கோடு சில வேளைகளில் மாந்தரின் வாழ்வை அறுத்துவிடுகின்றது. ஒரு சிற்றூர்த் தாய்க்கு சூலை முதல் நாள் இரவு நோவு கண்டு, மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று, பன்னிரண்டு மணி இருபது நிமையத்துக்கு மகன் பிறந்தான் என்க. மருத்துவமனை ஏட்டில் சூலை 2. வீட்டிலோ சூலை முதல் நாள் இரவு பிறந்தான் என்பர். அக்கிழமையே அவன் பிறப்பியத்திலும் எழுதப்படும், ஏனெனில் பிறப்பியம் கணிப்போர் கதிரெழுச்சி முதலே கிழமையை எண்ணுவர். பள்ளியிற் சேர்க்கும்போது பெற்றோர் வாயிற் சொல்லைக் கொண்டு சூலை 1 என்று எழுதிவிட்டால், அதுவே அவன் பணி ஏட்டிலும் ஏறும். அதனால் என்ன கேடு? அரசுப்பணியில் ஒரு விதி உண்டு. ஒருவர் ஓய்வு பெறும் அகவையை எய்தும் திங்களின் கடைசி நாளில் ஓய்வு பெறுவர். ஆனால் திங்களின் முதல் நாளில் பிறந்தவரோ முந்தைய திங்களின் கடைசி நாளிலேயே வெளியேற வேண்டும். சூலை 2இல் பிறந்தவன் சூலை 31 வரை பணியாற்றுவான். சூலை 1இல் பிறந்தவன் சூன் 30இலேயே வீட்டுக்குப் போவான். இருபது நிமையம் ஒரு திங்கள் ஊதியத்தைத் தின்றுவிட்டது.

முதல் நாளிற் பிறந்தவனுக்கு மட்டும் இவ்விதி ஏன்? நாள் முழுமையாக எண்ணப்படும் என்பதும், பிறந்த நாளையும் சேர்த்தே அகவை கணிக்கப்படும் என்பதும் அதன் அடிப்படை. அவ்வாறு எண்ணினால், சூன் 30 முடியும் நள்ளிரவிலேயே அவனுக்கு ஆண்டு நிறைந்துவிடுகின்றது. அந்தப் புள்ளியைச் சூன் மாதத்துக்கு உரியது என்று இங்குச் சட்டம் கொள்கின்றது. இதனை மனத்திற் கொண்டு அடுத்த வழக்கைக் காண்க.

நடுவண் அரசு அலுவலர்க்கு ஆண்டுதோறும் ஊதிய உயர்வு தரும் நாளாக, ஆறாம் ஊதியக் குழுவை ஒட்டி வந்த 2008ஆம் ஆண்டு விதிகள் சூலை முதல் நாளையே எல்லார்க்கும் பொதுவாக வைத்தன. முந்தைய சூலை 1 முதல் சூன் 30 முடிய ஆற்றிய பணிக்காகச் சூலை 1இல் உயர்வு. இனி, சூன் 30இல் ஓய்வு பெறுபவன் நிலை யாது? ஓராண்டுப் பணியை ஒரு நாளும் குறையாமல் முடித்துவிட்டான். ஆனால் உயர்வு பிறக்கும் நாளில் அவன் அலுவலன் அல்லன். உழைத்து முடித்த ஆண்டு நள்ளிரவுக்கு இப்பால், அதற்கான கூலி நள்ளிரவுக்கு அப்பால்! உழவன் நெல்லை அறுத்துக் களத்தில் அடித்துத் தூற்றி முடித்தபின், அளக்கும் நேரத்தில் களத்தை விட்டு வெளியேறச் சொன்னது போன்றதே இது.

சென்னையில், சுங்கத் தீர்வைத் துறையில் உயர்பொறுப்பில் இருந்து 2013 சூன் 30இல் ஓய்வு பெற்ற ஓர் அலுவலர் இதனை ஏற்காமல் வழக்காடினார். நடுவண் ஆட்சிமுறைத் தீர்ப்பாயம் அவர் வேண்டுகையைத் தள்ளிற்று. அவர் சென்னை உயர்முறைமன்றத்தை (உயர்நீதிமன்றத்தை) நாடினார். 2017 செபுதம்பர் 15இல் அம்மன்றம் அவர்க்குத் துணையாகத் தீர்ப்பளித்தது. 2012 சூலை 1 முதல் 2013 சூன் 30 வரை ஓராண்டு முழுமையாகப் பணியாற்றி முடித்தமையால், அவ்வுயர்வு பெற்றதாகக் கருதி அவர் ஓய்வூதியத்தைக் கணிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கையில் ஊதியமாகத் தரவேண்டியதில்லை, ஓய்வூதியக் கணக்கிற்கு மட்டுமே அது பயன்படும். அத்தீர்ப்பில் தமிழ்நாட்டு அரசின் நிதித்துறை 2014 திசம்பர் 31இல் பிறப்பித்த 311ஆம் எண் ஆணையும் எடுத்துக்காட்டப்பட்டது. ஓய்வு பெற்ற மறுநாள் உயர்வு பெறவேண்டியவராய் இருந்த தமிழ்நாட்டு அரசு அலுவலர்க்கு, ஓய்வூதியத்துக்காக அவ்வுயர்வைக் கணக்கிற் கொள்ள அவ்வாணை வழி செய்திருந்தது. நடுவண் அரசின் மேல்முறையீட்டை 2018 சூலையில் உச்சமுறைமன்றம் தள்ளிற்று. பின்னர்க் கருநாடக மின்செலுத்து நிறுவன ஊழியர் தொடர்பான வழக்கில், 2023 ஏப்பிரல் 11இல் அதே மன்றம் இக்கொள்கையை உறுதிப்படுத்திற்று. உயர்வு முன்னாண்டின் நற்பணிக்கு ஈட்டியது. அது வழங்கப்படும் நாள் மறுநாளாக அமைந்தது என்பதற்காக மட்டும் அதனை மறுத்தல் முறையன்று என்பது அதன் கருத்து.

இதில் நுட்பமான ஒன்றுண்டு. அலுவலர் ஓய்வு பெறுவது, விதிப்படி, திங்களின் கடைசி நாள் பிற்பகலில். நள்ளிரவில் அன்று. மாலை அவர் மாலையும் பரிசும் பெற்று வீடு திரும்பிவிடுகின்றார். உயர்வு பிறக்கும் புள்ளிக்கும் அதற்கும் இடையே சில மணி நேரம் மட்டுமே, அதுவும் எவரும் வேலை செய்யாத உறக்க நேரம். மன்றம் அந்த நேரத்தை அளந்து பார்க்கவில்லை. நள்ளிரவு எந்த நாளுக்கு உரியது என்னும் வினாவுக்குள்ளும் புகவில்லை. ஆண்டு எப்போது முடிந்தது என்று கேட்டது. முடிவு எதனுடைய முடிவு என்று கேட்டால் போதும். சூன் 30 முடியும் நள்ளிரவு, உழைத்து முடித்தவனைப் பொறுத்தவரை, சூனுக்கே உரியது. சூலை 1 விடிந்ததும் புதிதாகப் பணியேற்பவனுக்கு அதே புள்ளி சூலைக்கு உரியது. அந்தப் புள்ளி இரண்டாகவில்லை. பார்ப்பவர் நிற்கும் இடம்தான் இரண்டு.

மணிப்பொறிக் கணக்குடையோரே இதனை ஒப்புக்கொண்டுள்ளனர். பக்கலையும் நேரத்தையும் எழுதும் முறைக்கு உலகப் பொது வரையறை ஒன்று உண்டு. அதில் நாளின் தொடக்க நள்ளிரவு 00:00 என்றும், முடிவு நள்ளிரவு 24:00 என்றும் எழுதப்பட்டு வந்தன. ஒரு நாளின் 24:00 மறுநாளின் 00:00க்கு இணை. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் முடிவு நள்ளிரவைக் குறிக்கும் 24:00ஐ நீக்கிவிட்டனர், நள்ளிரவு எப்போதும் மறுநாளின் தொடக்கமே என்பதுபோல. மூன்றாண்டுகளில், 2022இல் திருத்தம் கொண்டுவந்து அதனை மீண்டும் சேர்த்தனர். கடை எப்போது மூடும், ஒப்பந்தம் எப்போது முடியும் என்று எழுத முடிவு நள்ளிரவு வேண்டியிருக்கின்றது. "வெள்ளி 24:00" என்று எழுதத் தெரிந்தவர், பெரியப்பாவின் "நாளை இரவு பன்னிரண்டு" என்பதை எள்ளி நகைக்க உரிமை அற்றவர்.

1947ஐயும் இங்கு நினைக்கலாம். தில்லியில் அரசமைப்பு மன்றம் ஆகத்து 14 இரவு பதினொரு மணிக்குக் கூடி, பன்னிரண்டு அடித்தபின் உறுதிமொழி ஏற்றது. மணிப்பொறியின்படி அது ஆகத்து 15. கதிரெழுச்சிக் கணக்கின்படி 14இன் யாமம் இன்னும் கழியவில்லை. இரு கணக்கினரும் மனநிறைவு அடைந்திருப்பர். மற்ற நாள்களில் மக்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை.

ஆகவே எழுதுவோர் செய்யத்தக்கது யாது? பேச்சில் "நாளை இரவு பன்னிரண்டு" என்று வந்தால் அது நாளைப் பகலுக்குப் பின்வரும் நள்ளிரவே. தமிழில் அதற்கு வேறு பொருள் இல்லை. அதனை மாற்ற முயலவேண்டா. ஆனால் எழுத்தில், குறிப்பாக விழா அறிவிப்பிலும் விண்ணப்பக் கெடு நாளிலும், "வெள்ளி நள்ளிரவு" என்று தனியே விடலாகாது. இரு நாளையும் சேர்த்து எழுதுக. "வெள்ளி இரவு, காரி விடியுமுன், நள்ளிரவு 12" என்றால் எவனும் மயங்கான். கெடு நாளாயின் "வெள்ளிக்கிழமை முடிய" என்பதே போதும், அதில் மணி வேண்டியதே இல்லை. மணி வேண்டுமெனின் 11.59 என்றெழுதுக. ஒரு நிமையத்தை விட்டுக்கொடுத்து ஒரு நாளைக் காப்பது மோசமான வணிகம் அன்று.

தொடர்வண்டிச் சீட்டில் மட்டும் பெரியப்பா இளைஞன் சொற் கேட்க வேண்டும். செங்கற்பட்டில் நள்ளிரவு 12.15க்கு வண்டி, சீட்டில் பக்கல் 6 என்று இருந்தால், 5ஆம் நாள் இரவு உண்டதும் ஊரிலிருந்து புறப்பட்டாக வேண்டும். 6ஆம் நாள் இரவு உணவுக்குப்பின் புறப்பட்டுச் சென்று, வண்டி முந்தைய இரவே போய்விட்டது என்று அறிந்து மூட்டை முடிச்சுகளோடு திரும்புவோரை நிலைய ஊழியர் நன்கறிவர். சீட்டு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் அதன் மேல் எழுதுகோலால் "5 இரவு புறப்படுக" என்று ஒரு வரி எழுதிப் பெரியவர் கையிற் கொடுப்பார்களாயின், அந்த இரவு எவருடைய நாளைச் சேர்ந்தது என்ற வழக்கு நிலையத்தின் வாயிலுக்கு வாராது.